பின்னால் இருந்த மாங்காய்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குச் சந்தூரிலிருந்து ராஜாம்மாள் கூப்பிட்டால் ஜெர்மனியில் நித்யாவுக்கு மணி ஆறு. தூக்கக் கலக்கத்தோடுதான் எடுப்பாள். ஆனால் எடுக்காமல் இருக்கமாட்டாள்.

அன்றைக்குக் குரல் மட்டும் வந்தது.

"கண்ணு, போனு மாறிப்போச்சு. ராத்திரி தானா என்னமோ ஏறிச்சு. மேல இருந்த கேமரா பொம்மையக் காணோம்."

ராஜாம்மாளுக்கு எழுத்து தெரியாது, இடம்தான் தெரியும். பேத்தி படத்தைத் தொட்டால் மேலே வலது ஓரத்தில் கேமரா. விரல் பழக்கத்தில் அங்கேயே போய் நின்றது. அங்கே இப்போது மூன்று புள்ளிகள்.

"ஆயா, முதல்ல ஸ்பீக்கரப் போடு."

"அப்பவே போட்டாச்சு. உன் சத்தம் தோப்பு வரைக்கும் கேக்குது."

"சரி, கீழ என்னென்ன படம் இருக்கு?"

"ஒரு மைக்கு. ஒரு செவப்பு வட்டம், அதத் தொடமாட்டேன், கட்டாயிடும். பக்கத்துல கேமரா, குறுக்கால கோடு போட்டு வெச்சிருக்கான்."

"அதேதான், அதத் தொடு."

முகம் வந்தது. முகம் மட்டும்தான். திண்ணை, தூண், வாசல் எல்லாம் கலங்கிக் கிடந்தன. பின்னணியை மங்கலாக்குவதை அப்டேட்டே போட்டு வைத்திருந்தது. ஆபீஸ் மீட்டிங்குக்கு அது சரி. திண்ணையில் உட்கார்ந்திருக்கிற கிழவிக்கு மறைக்க என்ன இருக்கிறது?

"தெரியுதா?"

"நல்லாத் தெரியற ஆயா."

"என்னை எதுக்குப் பாக்கற? பின்னால பாரு!"

பின்னால் ஏதோ பச்சையாக ஒரு மேடு. ராஜாம்மாள் ஒரு காயை எடுத்து நீட்டினாள். காம்புப் பக்கம் தெரிந்தது, கிளிமூக்கு கரைந்துபோனது. கொஞ்சம் ஆட்டினாள். காயே காணாமல் போய், விரல்கள் மட்டும் நின்றன.

"ஓரத்துல ஒரு கோல் இருக்கா பாரு, நுனியில பொறி பறக்கற மாதிரி."

"இருக்குது... ஐயோ, கடலு வந்துருச்சு!"

ஆயாவுக்குப் பின்னால் தென்னை மரமும் நீல அலையுமாக இருந்தது. நித்யா சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டினாள்.

"வரிசையா வட்டம் வட்டமா இருக்கா? எல்லாத்துக்கும் முன்னால, குறுக்குக் கோடு போட்டது. அதத் தொடு."

கடல் போய்த் திண்ணை வந்தது. முழங்கால் உயரத்துக்குப் பெங்களூரா குவிந்திருந்தது. மூலையில் சாக்கு விரித்துத் தனியாகக் கொஞ்சம் செந்தூரா.

"அது விக்கறதுக்கில்ல. உங்கப்பன் நட்ட மரம், இந்த வருசம்தான் காய்ச்சுது."

நித்யா போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். தோள் பக்கம் சிவப்பேறி, காம்பில் பால் வடிந்து காய்ந்திருந்தது.

"பெங்களூராவ என்ன வெலைக்குக் கேக்கறாங்க?"

"அத ஏன் கேக்கற. பறிக்கற கூலிக்கும் வண்டி வாடகைக்கும் சரியாப்போவும். கூழு கம்பெனிக்காரன் சொல்றதுதான் வெல." வாசலில் ஹாரன் கேட்டது. "டெம்போ வந்துருச்சு. நீ இரு கண்ணு, செவப்பு வட்டத்த நானே அமுக்கிக்கறேன்."