அளவுக்கு மீறிய வேலைப்பளு குறித்து மனிதவளப் பிரிவுக்கு ஒரு முறையீடு

கோரமண்டல், மொரீஷியஸ்
24 நவம்பர் 2025

அனுப்புநர்:
ப. செல்வராணி
ஸ்டாக் மற்றும் பில்லிங் பொறுப்பாளர்
மொரீஷியஸ் கிளை

பெறுநர்:
மேலாளர் அவர்கள்
மனிதவளப் பிரிவு
தலைமை அலுவலகம், சென்னை

பொருள்: மூன்று பேர் பார்த்த வேலையை ஒருவரே பார்ப்பது, கூடுதல் நேரத்துக்கான ஊதியம்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். நான் 2022 பிப்ரவரி முதல் இந்தக் கிளையில் வேலை செய்கிறேன். இதுவரை என் வேலையைப் பற்றி உங்களுக்கு எந்தப் புகாரும் எழுதியதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், கிளை அளவில் பேசிப் பார்த்தும் ஒரு முடிவும் கிடைக்காததுதான்.

என் நியமனக் கடிதத்தில் இரண்டு பொறுப்புகள் இருக்கின்றன: குடோன் ஸ்டாக் கணக்கு, கடைகளுக்குப் பில் போடுவது. ஏப்ரல் கடைசியில் டெஸ்பாட்ச் பார்த்த ஊழியர் வேலையை விட்டுப் போனார். ஜூனில் கஸ்டம்ஸ் ஆவணங்களைக் கவனித்தவர் சென்னைக்கு மாற்றலானார். இரண்டு இடமும் இன்றுவரை காலியாகவே இருக்கின்றன. "ரெண்டு மாசம் மட்டும் சமாளிங்க, ஆள் வந்துடுவாங்க" என்று கிளை மேலாளர் சொன்னார். சரி, கிளையின் நிலைமை புரிந்ததால் நானும் ஒப்புக்கொண்டேன். அந்த இரண்டு மாதம் ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது.

இப்போது என் நாள் எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்குள் மூன்று வேன்களுக்கும் லோடு பிரித்துக் கொடுக்கிறேன். டிரைவர்கள் கிளம்பியதும் பில் வேலையில் உட்கார்ந்தால், கடை மூடியிருக்கிறது, மூட்டை குறைகிறது, பணம் நாளைக்குத் தருகிறார்களாம் என்று அவர்களிடமிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். டெஸ்பாட்சுக்குத் தனி ஆள் இருந்தபோது இந்த அழைப்புகள் எல்லாம் அவருக்குப் போகும். சாப்பாட்டு நேரம் ஒரு மணி என்பது பேருக்குத்தான். போர்ட் லூயியில் கன்டெய்னர் இறங்கிய நாளென்றால் டிரேட்நெட்டில் கஸ்டம்ஸ் அறிக்கை பதிவதும் என் வேலை. தாமதமானால் டெமரேஜ் ஏறும் என்பதால் அதைத் தள்ளிப்போட முடியாது. அதனால் ஸ்டாக் சரிபார்ப்பு, அதாவது எனக்கென்று கொடுத்த வேலை, மாலை ஐந்து மணிக்கு மேல்தான் தொடங்குகிறது.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், தீபாவளிச் சரக்கில் வந்த துவரம்பருப்புக் கன்டெய்னருக்கு அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தேன். இன்வாய்ஸில் 480 மூட்டை, பேக்கிங் லிஸ்ட்டில் 460 மூட்டை. அது கண்ணில் பட்டபோது இரவு ஒன்பது மணி. உடனே சென்னைக்குப் போன் செய்து, திருத்திய பேக்கிங் லிஸ்ட்டை வாங்கிய பிறகுதான் பதிந்தேன். அன்று காலை ஏழரை மணியிலிருந்து வேலையில் இருந்தவள் நான். அப்படியே பதிந்திருந்தால் வருவாய்த் துறைக்குப் பதில் சொல்ல வேண்டியது கம்பெனிதான். களைத்துப்போன ஒருவரின் கண்ணை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய பொறுப்பை விட்டுவைப்பது கம்பெனிக்கும் நல்லதில்லை என்று உண்மையாகவே கவலைப்படுகிறேன்.

நேரக் கணக்கைப் பொறுத்தவரை, நம் கிளையில் திங்கள் முதல் வெள்ளி வரை எட்டு முதல் ஐந்து, சனிக்கிழமை ஒரு மணி வரை. சாப்பாட்டு நேரம் போக வாரத்துக்கு 45 மணி நேரம். இங்குள்ள 2019ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டமும் வழக்கமான வேலை நேரமாக இதைத்தான் சொல்கிறது. செப்டம்பர் 8 முதல் அக்டோபர் 4 வரையிலான நான்கு வாரங்களில் கைரேகை இயந்திரப் பதிவின்படி நான் வேலை செய்தது முறையே 61, 64, 63, 58 மணி நேரம். சாப்பாட்டுக்கென்று தினமும் ஒரு மணி நேரத்தை முழுதாகக் கழித்த பிறகு வரும் கணக்கு இது. ஆக, கூடுதல் வேலை 66 மணி நேரம். அக்டோபர் சம்பளச் சீட்டில் ஓவர்டைம் என்று 10 மணி நேரம்தான் இருக்கிறது. மீதி 56 மணி நேரத்தைப் பற்றிக் கேட்டபோது, "முன்அனுமதி வாங்கவில்லை" என்று கணக்குப் பிரிவு சொன்னது. அந்த வேலைகளை அன்றே முடிக்கச் சொல்லிக் கிளையிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்திகள் என்னிடம் இருக்கின்றன. செய்யச் சொன்ன வேலைக்குத் தனியாக எப்படி அனுமதி கேட்பது என்று எனக்குப் புரியவில்லை.

அப்புறம், விடுப்பு. அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்காக ஊருக்குப் போக ஆகஸ்டில் விண்ணப்பித்தேன். என் கணக்கில் விடுப்பு இருந்தும், மாற்று ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தேனியில் என் தம்பிதான் கூட இருந்து பார்த்துக்கொண்டான். அதைச் சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை. ஆனால் ஆள் போடாததன் பாரம் எங்கே போய் விழுகிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கிளை மேலாளரிடம் ஜூலை 7 அன்றும் ஆகஸ்ட் 22 அன்றும் மின்னஞ்சலில் இதையெல்லாம் தெரிவித்தேன். முதல் மின்னஞ்சலுக்கு "பார்க்கிறேன்" என்று பதில் வந்தது. இரண்டாவதற்குப் பதில் இல்லை. செப்டம்பரில் நேரில் பேசியபோது, ஆள் எடுக்கத் தலைமை அலுவலகத்தின் ஒப்புதல் வரவில்லை என்றார். அவரும் நெருக்கடியில்தான் இருக்கிறார், அவர் மீது எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை. ஒப்புதல் கேட்டுக் கோரிக்கை உங்களிடம் வந்ததா, வந்திருந்தால் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டெஸ்பாட்சுக்கு உடனே ஓர் ஆள் வேண்டும். இங்கேயே, கிரியோல் பேசத் தெரிந்த ஒருவரை எடுத்தால் டிரைவர்களோடும் கடைக்காரர்களோடும் அவருக்கு என்னைவிட எளிதாக இருக்கும். கஸ்டம்ஸ் வேலைக்கு ஆள் வரும்வரை அதை ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் கொடுக்கலாம். ஒரு கன்டெய்னருக்கு ஆகும் டெமரேஜோடு ஒப்பிட்டுப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். நிலுவையில் உள்ள 56 மணி நேரத்துக்குச் சட்டப்படியான ஒன்றரை மடங்கு ஊதியத்தை டிசம்பர் சம்பளத்தோடு தர வேண்டும். அக்டோபர் 4க்குப் பிந்தைய வாரங்களையும், தீபாவளி விடுமுறை அன்று பார்த்த வேலையையும் கைரேகைப் பதிவை வைத்துக் கணக்கிட வேண்டும். புதிய ஆள் வரும்வரை எந்த வேலை முதலில், எதைத் தள்ளிவைக்கலாம் என்று கிளை மேலாளர் எழுத்தில் தர வேண்டும். எல்லாமே இன்றே வேண்டும் என்றால் ஒருவரால் முடியாது.

டிசம்பரில் வருடக் கடைசி விற்பனை. அதோடு புயல் பருவமும் தொடங்கிவிட்டது. புயல் எச்சரிக்கை வந்து துறைமுகம் மூடினால், திறந்ததும் எல்லாக் கன்டெய்னரும் ஒரே நேரத்தில் வந்து சேரும். ஆகவே டிசம்பர் 5, வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தரக் கேட்டுக்கொள்கிறேன். வீடியோ அழைப்பில் பேச வேண்டுமென்றாலும் தயார். சென்னை நேரத்துக்கு நாங்கள் ஒன்றரை மணி பின்னால் இருப்பதால், உங்கள் மதியம் மூன்று மணி எனக்கு வசதி.

இந்த வேலை எனக்குப் பிடிக்கும். இங்கேயே தொடரத்தான் விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ப. செல்வராணி

இணைப்பு: நியமனக் கடித நகல், செப்டம்பர் மற்றும் அக்டோபர் கைரேகைப் பதிவு, அக்டோபர் சம்பளச் சீட்டு, இரண்டு மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் செய்திகளின் படங்கள், விடுப்பு விண்ணப்பம்.

நகல்: கிளை மேலாளர்