3பி வீட்டின் பராமரிப்புக் கட்டணத்தைக் குறைக்கும்படி கேட்ட கடிதமும் குழுவின் பதிலும்

2025 ஜூன் 9

செயலாளர்,
தொடர்மாடி முகாமைக் கூட்டுத்தாபனம்,
நுவரெலியா.

அன்புள்ள ஐயா,

கணவர் காலமான பிறகு, 2024 பெப்ரவரி முதல் நான் வெள்ளவத்தையில் மகளோடு இருக்கிறேன். 3பி வீடு அன்றிலிருந்து பூட்டியே கிடக்கிறது. மாதக் கட்டணம் 15,000 ரூபாவை ஒரு முறைகூடப் பிந்தாமல் கட்டினேன். இனி என் ஓய்வூதியத்தில் அது முடியாது.

காவலுக்கும் (6,000), மாடிப்படி, லிஃப்ட் பராமரிப்புக்கும் (2,500), கூரை, சுவர் வேலைகளுக்கான சேமிப்பு நிதிக்கும் (3,000) என் பங்கைக் குறைக்கக் கேட்கவில்லை. நுவரெலியா மழையிலும் பனியிலும் கூரை ஒழுகினால் என் வீடும்தான் நனையும். தண்ணீருக்கான 2,500, குப்பைக்கான 1,000 இரண்டையும் மட்டும் கழித்து, 11,500 ஆக்கித் தாருங்கள். பதினாறு மாதமாக ஒரு வாளி தண்ணீரும் எடுக்கவில்லை, ஒரு பை குப்பையும் போடவில்லை.

ஏப்ரல் வசந்த காலத்தில் சிலர் பூட்டிய வீடு என்று சொல்லிவிட்டு ஆட்களுக்கு வாடகைக்குக் கொடுப்பது எனக்கும் தெரியும். அந்தச் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக ஆறு மாத மின்பட்டியல்களை இணைத்துள்ளேன். சாவி 3ஏ அக்காவிடம் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
3பி வீட்டு உரிமையாளர்

2025 ஜூன் 24

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைக் குழுக் கூட்டத்தில் வாசித்தோம். ஐயாவின் மறைவை எண்ணி எல்லோரும் வருந்தினோம்.

1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி வீட்டு உரிமைச் சட்டப்படி, பொதுச் செலவு ஒவ்வொரு வீட்டின் பங்குப் பெறுமதிக்கு ஏற்பப் பிரிகிறது. வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பங்கு மாறாது. அதில் கைவைக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. குப்பை வண்டிக்கு முழுக் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே தொகைதான் கொடுக்கிறோம். உங்கள் 1,000ஐ விட்டால் மற்ற வீடுகள்தான் அதைச் சுமக்க வேண்டும், எனவே அதைக் குறைக்க முடியவில்லை.

தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். 3பி மீட்டரைப் பார்த்தோம், அசையவே இல்லை. பம்ப் மின்சாரத்துக்கும் பொது இடத் தண்ணீருக்கும் 700 ரூபா நிற்கும், மீதி 1,800ஐக் கழிக்கிறோம். ஜூலை முதல் டிசம்பர் வரை மாதம் 13,200 கட்டினால் போதும். ஏற்கெனவே கட்டியதைத் திருப்பித் தர வழியில்லை. யாராவது இரண்டு இரவு தங்கினாலும் அந்த மாதம் முழுத்தொகை. டிசம்பருக்குப் பிறகு என்ன செய்வது என்பதை வருடாந்தப் பொதுக்கூட்டம் தீர்மானிக்கும், முடிந்தால் நீங்களும் வாருங்கள்.

அப்புறம் ஒன்று. மீட்டர் பார்க்கப் போனபோது குளியலறைச் சுவரில் பூஞ்சணம் கண்டோம். மாதம் ஒரு நாளாவது ஜன்னல்களைத் திறந்துவிட 3ஏ அக்காவிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்