கழுத்துப்பட்டை ப்ளூடூத் இயர்போன்: 412 வாடிக்கையாளர் கருத்துகளின் சுருக்கம்

ஐந்து நட்சத்திரம் 214, நான்கு 81, மூன்று 34, இரண்டு 22, ஒன்று 61.

அதிகம் பாராட்டப்படுவது பேட்டரி. காலை முதல் இரவு வரை பேசியும் பாட்டுக் கேட்டும் சார்ஜ் தீரவில்லை என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். கழுத்திலேயே கிடப்பதால் தொலைந்துபோவதில்லை என்பதும் அடிக்கடி வருகிறது. எடை குறைவு என்கிறார்கள்.

முக்கியமான புகார், சில மாதங்களில் ஒரு பக்கம் ஒலி நின்றுபோவது. இதை எடைபோடும்போது தேதியையும் பார்க்க வேண்டும்: ஐந்து நட்சத்திரங்களில் பெரும்பகுதி வாங்கிய முதல் வாரத்தில் தரப்பட்டவை, இந்தப் புகாரோ ஆறு மாதம் தாண்டிப் பயன்படுத்தியவர்களிடமிருந்து வருகிறது. எண்ணிக்கையில் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. பட்டையும் கம்பியும் சேரும் இடத்தில்தான் பழுது என்று பலர் படத்தோடு காட்டியிருக்கிறார்கள். அடுத்த புகார் மைக்: வீட்டுக்குள் தெளிவு, காற்றடிக்கும் இடத்தில் எதிர்முனைக்குக் குரல் கேட்பதில்லை.

ஒரு நட்சத்திரக் கருத்துகளில் 19, நசுங்கிய பெட்டி, தாமதமான டெலிவரி பற்றியவை. கருவியின் தரத்தோடு அவற்றைச் சேர்க்கவில்லை.

கருத்து இரண்டாகப் பிரிவது பாஸ் ஒலியில். திரையிசை, நடனப் பாடல் கேட்பவர்களுக்கு அது பிடித்திருக்கிறது. பாட்காஸ்ட், ஒலிப்புத்தகம் கேட்பவர்கள் பேச்சு அமுங்குகிறது என்கிறார்கள். காதில் பொருந்துவதிலும் கருத்து பிரிகிறது: சிலருக்குச் சரியாகப் பொருந்துகிறது, சிலருக்குக் காது வலிக்கிறது. ஆனால் கூடவே வரும் சிறிய ரப்பர் முனையை மாற்றிப் போட்டதும் வலி போய்விட்டதாகச் சிலர் தங்கள் மதிப்பீட்டைத் திருத்தியிருக்கிறார்கள்.