வாதப் போலிகள்: கேரளத்துச் சித்தூர் வட்டத் தமிழ் மாணவர்களுக்கான படிப்பு அட்டைகள்

பயன்படுத்தும் முறை: முன்பக்கத்தில் உள்ள பேச்சைப் படித்து, அதில் எங்கே காரணம் முடிவைத் தாங்காமல் நழுவுகிறது என்பதை உங்கள் சொற்களில் எழுதிய பிறகே அட்டையைத் திருப்புங்கள். பெயர் தெரியாமல் குறை தெரிந்தால் பாதி மதிப்பெண் உண்டு. குறை தெரியாமல் பெயர் மட்டும் தெரிந்தால் மதிப்பெண் கிடையாது. ‘போலி’ என்ற சொல் நமக்குப் புதிதன்று. மணிமேகலையின் 29ஆம் காதை பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று வகுத்துப் பேசுகிறது. பேச்சுகள் யாவும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் திண்ணைகளில் கேட்கக்கூடியவை.

அட்டை 1, முன்பக்கம்
“மே மாதக் கடைசியில் கழுதைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தோம், ஜூன் 4ஆம் தேதி மழை பிடித்துக்கொண்டது. இனிச் சடங்கைக் குறை சொல்லாதீர்கள், மாப்பிள்ளை.”

பின்பக்கம்: காக்கை–பனம்பழப் போலி
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். ஒன்றுக்குப் பின் மற்றொன்று நிகழ்ந்ததை, ஒன்றால் மற்றொன்று நிகழ்ந்தது என்று கொள்வதே பிழை. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1 என்பதால், மே மாதக் கடைசியில் எதைச் செய்தாலும், தாயம் விளையாடினாலும்கூட, சில நாளில் மழை வருவதற்கே வாய்ப்பு மிகுதி. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: கல்யாணம் நடக்காத ஆண்டுகளில் மழை வந்ததா? நடந்தும் மழை தவறிய ஆண்டுகள் உண்டா?

அட்டை 2, முன்பக்கம்
(தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருப்பதால் எல்லை தாண்டி வந்து சீட்டு வாங்குபவர்:) “பதினைந்து குலுக்கலாக முதல் பரிசு ஏழில் முடியவே இல்லை, அண்ணா. நாளைக்கு வந்தே தீரும். ஏழில் முடிகிற சீட்டாகக் கொடுங்கள்.”

பின்பக்கம்: சூதாடிப் போலி
குலுக்கல் இயந்திரத்துக்கு நினைவு கிடையாது. நேற்று எந்த எண் வந்தது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே நாளையும் கடைசி எண் ஏழாக இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். பதினைந்து முறை தொடர்ந்து ஏழு வராமலிருப்பது அதிசயம் போலத் தோன்றுகிறதா? கணக்கிட்டுப் பாருங்கள்: 0.9-ஐப் பதினைந்து முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.206 வருகிறது, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதுவும் ஏழு என்று முன்கூட்டியே குறித்துவைத்தால்தான் இந்தக் கணக்கு. பத்து இலக்கங்களில் ஏதேனும் ஒன்று விடுபட்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் பிறகு அதைப் பிடித்துக்கொண்டால், வாய்ப்பு இன்னும் கூடும். ‘வந்தே தீரும்’ என்பவர் அரிதல்லாத ஒன்றை அரிதென்று எண்ணுகிறார். பிறகு அந்த அரிய நிலையைச் சரிசெய்யும் கடமையை இயந்திரத்தின் தலையில் ஏற்றுகிறார்.

அட்டை 3, முன்பக்கம்
“பலகையில் ‘இன்று உச்சைக்கு வெள்ளம் வரும்’ என்று எழுதியிருக்கிறது. வெள்ளம் வந்தால் பள்ளிக்கு விடுமுறை விட வேண்டும். ஆகவே இன்று மதியம் பள்ளி கிடையாது, அம்மா.”

பின்பக்கம்: இருபொருட் போலி
மலையாளத்தில் தண்ணீராக இருந்த வெள்ளம், இரண்டாவது வாக்கியத்தில் தமிழ் வெள்ளமாகப் பெருகிவிட்டது. குழாய்த் தண்ணீருக்கு விடுமுறை விடும் பள்ளி எங்கும் இல்லை. ஒரே சொல் வாதத்தின் நடுவே பொருள் மாறுவதுதான் இங்குக் குறை. வெறுமனே தவறாகப் புரிந்துகொள்வது போலியாகாது. அரிஸ்டாட்டில் வகுத்த பதின்மூன்று போலிகளில் ஆறு, மொழியால் விளைபவை. அவற்றுள் இதுவும் ஒன்று.
இரண்டு மொழிகளுக்கிடையே நிகழும்போது சிரித்துவிட்டுப் போகலாம். ஒரே மொழிக்குள் நிகழும்போதுதான் ஏமாறுகிறோம். “இயற்கை விதிகளின்படியே உலகம் இயங்குகிறது, விதி என்றால் விதித்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும்” என்னும் வாதத்தில், முதலில் ‘மாறாமல் நிகழும் ஒழுங்கு’ என்ற பொருளில் வந்த சொல், அடுத்து ‘ஒருவர் இட்ட கட்டளை’ என்ற பொருளுக்கு ஓசையின்றித் தாவுகிறது. கடவுள் உண்டா இல்லையா என்பது வேறு விவாதம். இந்தப் படிக்கட்டு அங்கே கொண்டு போய்ச் சேர்க்காது.

அட்டை 4, முன்பக்கம்
(ஊர்க் கூட்டத்தில்:) “ஆழியாற்றுத் தண்ணீர்க் கணக்கைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம், பெரியவரே. மகளைப் பொள்ளாச்சியில்தானே கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள்?”

பின்பக்கம்: ஆளைத் தாக்கும் போலி
பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்கான 1970ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். வந்ததா என்பதை அளவுப் பதிவேடு சொல்லும். சம்பந்தி வீடு சொல்லாது. ஆனால் ஒரு விலக்கை மறக்க வேண்டாம்: பதிவேடு எதுவும் இல்லாமல் “நானே கண்ணால் பார்த்தேன்” என்று சாட்சியாக அவர் நின்றால், அவருக்கு இதில் என்ன ஆதாயம் என்று கேட்பது நியாயமே. வாதத்தை எடைபோட ஆள் வேண்டாம். சாட்சியை எடைபோட ஆள் வேண்டும்.

அட்டை 5, முன்பக்கம்
“அந்தப் பக்கம் இரண்டு கடைகளில் மிளகு வாங்கினேன், இரண்டிலும் பப்பாளி விதை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், அக்கா. அங்கே எல்லா வியாபாரியும் அப்படித்தான்.”

பின்பக்கம்: அவசரப் பொதுமை
பழமொழி பொய்யன்று, இடம் மாறி வந்திருக்கிறது. ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ, நடுவே கிளறிவிட்ட அகப்பை என்பதால்தான் ஒரு பருக்கை பானைக்குச் சாட்சியாகிறது. கடைக்காரர்கள் ஒரே பானையில் வேகவில்லை.

அட்டை 6, முன்பக்கம்
“கள்ளுக்கடையைப் பள்ளி வாசலிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கலாம்.” “அப்படியானால் மரமேறுகிறவர்கள் குடும்பத்தோடு பட்டினி கிடக்கட்டும் என்கிறீர்களா, சார்?”

பின்பக்கம்: சோளக்கொல்லைப் பொம்மை
எதிராளி சொல்லாததைச் சொன்னதாக ஒரு பொம்மை கட்டி, அதை அடித்து வீழ்த்துவது. தள்ளி வைப்பது வேறு, மூடுவது வேறு.

அட்டை 7, முன்பக்கம்
“பிள்ளையைத் தமிழ் வழியில் சேர்த்தால் மலையாளம் வராது, மலையாள வழியில் சேர்த்தால் தமிழ் போய்விடும். ஏதோ ஒன்றைத் தலைமுழுகத்தான் வேண்டும், தங்கச்சி.”

பின்பக்கம்: இருவழிப் போலி
இதைச் சொல்பவரே காலையில் பால் சொசைட்டியில் மலையாளத்திலும் மாலையில் கோயிலில் தமிழிலும் பேசுகிறவராக இருப்பார். வழி இரண்டு மட்டுமே என்று காட்டாத வரை, ஒன்றை அடைத்து மற்றொன்றுக்குத் தள்ள முடியாது.

அட்டை 8, முன்பக்கம்
“சபரிமலைக்கு மாலை போட்டவர் கறுப்புச் சட்டை போடுவார். எதிர்வீட்டு மாமா கறுப்புச் சட்டை போட்டிருக்கிறார். ஆகவே மாலை போட்டிருக்கிறார்.”

பின்பக்கம்: பின்னதைக் கொண்டு முன்னதை நிறுவும் போலி
வடிவம்: p → q, q, ஆகவே p. அவர் திராவிடர் கழகத்தவராகவும் இருக்கலாம்.

அட்டை 9, முன்பக்கம்
“‘எங்கள் வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது, ஆகவே பங்குத் தண்ணீர் வரவில்லை’ என்கிறீர்கள். வாய்க்கால் அடைத்திருந்தாலும் காயும். உங்கள் வாதம் போலி. ஆகவே தண்ணீர் முழுதாக வந்துவிட்டது.”

பின்பக்கம்: போலியைக் காட்டி முடிவை மறுக்கும் போலி
முன்பாதி சரி, ஒரு வாய்க்கால் காய்ந்ததைக் கொண்டு மணக்கடவில் வந்த அளவை அறிய முடியாது. கடைசி வாக்கியத்தில் மறுத்தவரே வழுக்கி விழுகிறார், ஏனெனில் காரணம் விழுந்ததால் முடிவு பொய்யாவதில்லை. தண்ணீர் வந்ததா என்பது இப்போதும் தெரியாது. இருவரும் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்.