ஆறு புகைப்படங்களுக்கான உரிமத்தை ரத்து செய்யும் அறிவிப்பு

பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பப்படுகிறது
நாள்: 28 ஏப்ரல் 2025

பெறுநர்: நிர்வாக இயக்குநர், ஒப்பந்தத்தில் ‘உரிமம் பெறுபவர்’ எனக் குறிக்கப்பட்ட பதிப்பகம்
அனுப்புநர்: ஒப்பந்தத்தில் ‘உரிமம் வழங்குபவர்’ எனக் குறிக்கப்பட்ட புகைப்படக் கலைஞர்

பொருள்: 12 பிப்ரவரி 2024 அன்று கையெழுத்தான புகைப்பட உரிம ஒப்பந்தத்தைப் பிரிவு 9-இன்படி முடித்துக்கொள்வது

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். KV-01 முதல் KV-06 வரை எண்ணிட்ட என் ஆறு புகைப்படங்களைப் பயன்படுத்த உங்களுக்குக் கொடுத்திருந்த அனுமதியை இந்தக் கடிதத்தின் மூலம் ரத்து செய்கிறேன். கடிதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும் நாளிலேயே ரத்து நடைமுறைக்கு வரும். மின்னஞ்சல், தபால் இரண்டில் எது முந்தி வருகிறதோ அதுவே அந்த நாள் என்று பிரிவு 14 சொல்கிறது. இது இன்னொரு எச்சரிக்கைக் கடிதம் அல்ல. எச்சரிக்கை மார்ச் மாதமே வந்துவிட்டது.

நீங்கள் என்னிடம் வாங்கியது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு புத்தகம், அதன் முதல் பதிப்பு, அதிகபட்சம் 3,000 பிரதிகள், அந்தப் புத்தகத்துக்கான விளம்பரம். அவ்வளவுதான். படங்கள் உங்களுக்கு விற்கப்படவில்லை. பதிப்புரிமை என்னிடமே இருக்கிறது. வேறு யாருக்கும் உள் உரிமம் தரக்கூடாது (பிரிவு 3). வேறு எந்தப் பொருளையும் சேவையையும் விற்கப் படங்களைப் பயன்படுத்தக்கூடாது (பிரிவு 4). ஒவ்வொரு படத்தின் கீழும் என் பெயர் வரவேண்டும் (பிரிவு 5). என்னைக் கேட்காமல் வெட்டவோ நிறம் மாற்றவோ திருத்தவோ கூடாது (பிரிவு 6). மறு அச்சுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் (பிரிவு 7). வக்கீல் வைத்துப் படித்தால்தான் புரியும் என்கிற சிக்கலான வரி இவற்றில் ஒன்றுகூட இல்லை.

நடந்தது வேறு.

KV-04, அதாவது வலை பின்னும் மூதாட்டியின் படத்தை, ஒரு வலி நிவாரணத் தைல நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அது அவர்களுடைய அட்டைப்பெட்டியிலும் சுவரொட்டியிலும் இணையப் பக்கத்திலும் வந்தது. இது எனக்குத் தெரிய வந்ததே அந்த அம்மாவின் பேரன் மூலமாகத்தான். சுவரொட்டியைப் போனில் படமெடுத்து அனுப்பி, “பாட்டி இந்தத் தைலத்தைக் கண்ணாலகூடப் பாத்ததில்லை சார், எப்படி இது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. பிரிவு 4-ஐ நான் சும்மா சேர்க்கவில்லை. படம் எடுத்த அன்று அந்த அம்மா கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தில் புத்தகம், கண்காட்சி என்ற இரண்டு பயன்பாடுகள்தான் உண்டு. வணிக விளம்பரத்துக்கு அவர் சம்மதிக்கவில்லை. பதிப்புரிமை படம் எடுத்தவனுக்கு. ஆனால் ஒரு முகம் எந்தச் சரக்குக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று தீர்மானிப்பது அந்த முகத்துக்கு உரியவர். நானே நினைத்தாலும் அந்தத் தைல நிறுவனத்துக்கு இந்தப் படத்தைக் கொடுத்திருக்க முடியாது. எனக்கே இல்லாத ஒன்றை நீங்கள் எடுத்து மூன்றாவது ஆளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். படிவத்தின் நகல் ஒப்பந்தத்தின் இணைப்பு 2-ஆக அன்றைக்கே உங்களிடம் தரப்பட்டது.

படத்தைக் கொடுத்ததோடும் நிற்கவில்லை. முகம் மட்டும் தெரியும்படி கிராப் செய்ததில் கையும் வலையும் போய்விட்டன. நெற்றிச் சுருக்கங்கள் வழவழவென்று ஆக்கப்பட்டிருக்கின்றன. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசப்பட்டிருக்கிறது. அந்தப் படத்தில் இருந்ததே கைகள்தான். அதை வெட்டிவிட்டால் அது யார் படம் என்று எனக்கே தெரியவில்லை. படைப்பாளிகளின் உரிமைகளைக் காக்கும் சர்வதேச பெர்ன் ஒப்பந்தத்தின் 6bis பிரிவு, படைப்பாளி தன் பொருளாதார உரிமைகளை மாற்றிக் கொடுத்த பிறகும்கூட, படைப்பு தன்னுடையது என்று சொல்லும் உரிமையும், தன் மதிப்பைக் கெடுக்கும் விதத்தில் அது சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையும் அவரிடமே இருப்பதாகச் சொல்கிறது. நானோ எதையும் மாற்றிக் கொடுக்கவே இல்லை.

பெயர் விஷயம். சுவரொட்டியிலும் பெட்டியிலும் என் பெயர் இல்லை. அதைவிட மோசம், கோப்புக்குள் பதிந்திருந்த பெயரும் உரிமைக் குறிப்பும் காணாமல் போயிருப்பது. நான் கொடுத்த டிஃப் கோப்புகள் ஆறிலும் அந்த விவரங்கள் மெட்டாடேட்டாவில் இருக்கின்றன. உங்கள் வடிவமைப்பாளர் தன் கணினியிலேயே பார்த்துக்கொள்ளலாம்:

```
exiftool -Creator -Credit -Copyright KV-04.tif
```

மூலக் கோப்பில் மூன்று வரியும் வரும். தைல நிறுவனத்தின் இணையப் பக்கத்திலிருந்து நான் இறக்கிய படத்தில் ஒரு வரியும் வரவில்லை. இணையத்துக்குச் சுருக்கும்போது சில மென்பொருட்கள் தாமாகவே இதை நீக்கிவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆகவே வேண்டுமென்றே அழித்தீர்கள் என்று இப்போது குற்றம் சாட்டவில்லை. யார் கையில், எந்தக் கட்டத்தில் அது போனது என்பதை எழுத்தில் கேட்கிறேன். உரிமை விவரங்களைத் தெரிந்தே நீக்குவதைத் தடுக்க உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் 1996-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை உடன்படிக்கை 12-ஆவது பிரிவில் உறுப்பு நாடுகளுக்குக் கடமை விதித்திருக்கிறது. அதனால் இதைச் சின்ன விஷயமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக, புத்தகத்தின் இரண்டாம் அச்சு. எனக்குத் தகவல் சொல்லாமல் 2,000 பிரதிகள் அச்சானதை உங்கள் அச்சகத்தின் பெயர்ப் பக்கமே காட்டுகிறது. இது மட்டும் நடந்திருந்தால் ஒரு போன் பேச்சில் முடிந்திருக்கும். மறு அச்சுக்கு நான் மறுப்புச் சொல்லியிருக்க மாட்டேன்.

மார்ச் 3 அன்று இவை நான்கையும் குறிப்பிட்டு எழுதினேன். மார்ச் 6 அன்று அது உங்களுக்குக் கிடைத்ததற்கான ஒப்புகை என்னிடம் இருக்கிறது. சரிசெய்ய ஒப்பந்தம் தரும் 30 நாள் ஏப்ரல் 5-ஆம் தேதியோடு முடிந்தது. மார்ச் 17 அன்று நீங்கள் அனுப்பிய பதிலில், ‘சிறு கவனக்குறைவு’ என்றும் இணையப் பக்கத்திலிருந்து படம் எடுக்கப்பட்டுவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். இணையப் பக்கத்திலிருந்து எடுத்தது உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏப்ரல் 9 அன்று அதே பெட்டி கடையில் விற்பனையில் இருந்தது. ஏப்ரல் 22 அன்று சுவரொட்டி புதிதாக ஒட்டப்பட்டிருந்தது. தேதியுடன் எடுத்த படங்களை இணைப்பு 1-இல் வைத்திருக்கிறேன். மறு அச்சைப் பற்றி உங்கள் பதிலில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆகவே பிரிவு 9 எனக்குத் தரும் உரிமையைப் பயன்படுத்துகிறேன்.

ஒரு படத்தில்தானே தவறு, மற்ற ஐந்தையும் ஏன் எடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஆறும் ஒரே ஒப்பந்தத்தில், ஒரே நம்பிக்கையில் கொடுக்கப்பட்டவை. அந்த ஐந்தில் இன்னும் மூன்று பேரின் முகங்கள் இருக்கின்றன. நாளைக்கு அவர்கள் வீட்டிலிருந்தும் யாராவது போன் செய்யும்வரை நான் காத்திருக்கத் தயாராக இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது இது. ஆறு படங்களையும் புதிதாக அச்சிடுவதும் பகிர்வதும் வெளியிடுவதும் உடனே நிற்க வேண்டும். உங்கள் இணையதளம், சமூக ஊடகப் பக்கங்கள், மின்னிதழ், விலைப்பட்டியல் ஆகியவற்றில் இருப்பவற்றை மே 5-க்குள் நீக்குங்கள். தைல நிறுவனத்துக்கு அவர்களிடம் உள்ள அனுமதி செல்லாது என்று நீங்களே எழுதி, அதன் நகலை அதே தேதிக்குள் எனக்கு அனுப்புங்கள். நானும் அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன். ஆனால் அவர்கள் உங்களை நம்பிப் பணம் கொடுத்திருப்பார்கள். முதல் சொல் உங்களிடமிருந்து போவதுதான் முறை. சுவரொட்டிகளை அகற்றவும் பெட்டிகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறவும் மே 19 வரை அவகாசம்.

கோப்புகளை அழிக்கும்போது பிரதான கணினியோடு நிறுத்திவிட வேண்டாம். வடிவமைப்பாளரின் மடிக்கணினி, அச்சகத்தில் உள்ள கோப்புகளும் தகடுகளும், கிளவுட் சேமிப்பு, வாட்ஸ்அப் குழுக்கள் என்று படம் போன இடமெல்லாம் பாருங்கள். அதே சமயம் எதை அழிக்கக்கூடாது என்பதும் முக்கியம். தைல நிறுவனத்துடனான ஒப்பந்தம், ரசீதுகள், கடிதப் போக்குவரத்து, அச்சகத்தின் பிரதிக் கணக்கு, திருத்திய படங்களின் ஒரு நகல் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு தகராறு வந்தால் அவை இரண்டு பக்கத்துக்கும் தேவைப்படும். அவை காணாமல் போனால் அது தனிக் கேள்வியாகும்.

முதல் பதிப்பின் பிரதிகளைப் பற்றி ஒரு விளக்கம். அவற்றைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. அவை உரிமம் நடப்பில் இருந்தபோது முறையாக அச்சானவை. மீதமுள்ளவற்றைப் பிரிவு 11-இன்படி 90 நாட்களுக்குள் விற்றுக்கொள்ளலாம். நூலாசிரியர் எந்தத் தவறும் செய்யவில்லை, அவருடைய உழைப்பு முடங்குவதில் எனக்கு விருப்பமில்லை. இரண்டாம் அச்சுக்கு இந்தச் சலுகை கிடையாது. விற்காத பிரதிகளின் விற்பனையை நிறுத்தி, எத்தனை விற்றன, எத்தனை கையிருப்பில் உள்ளன என்று மே 12-க்குள் கணக்குத் தாருங்கள். கணக்கைப் பார்த்த பிறகு, அந்தப் பிரதிகளுக்கு மட்டும் தனி அனுமதி தருவதைப் பற்றிப் பேச நான் தயார். அதற்கு நூலாசிரியரும் உடனிருக்கட்டும்.

தைல நிறுவனத்திடமிருந்து இந்தப் படத்துக்காக நீங்கள் பெற்ற தொகையின் விவரமும் அதே மே 12-க்குள் வேண்டும். நான் ஏற்கெனவே பெற்ற உரிமக் கட்டணம் திருப்பித் தரப்படாது; அது முதல் பதிப்புக்கான கட்டணம், அந்தப் பயன்பாடு உங்களுக்குக் கிடைத்துவிட்டது. இழப்பீடு கோரும் என் உரிமையை இந்தக் கடிதம் எந்த விதத்திலும் குறைக்கவில்லை. அந்த மூதாட்டியின் சார்பில் நான் எதையும் விட்டுக்கொடுக்கவும் முடியாது. அவருடைய உரிமை அவருடையது. உரிமம் முடிந்தாலும் நிற்கும் என்று ஒப்பந்தம் சொல்லும் பிரிவுகள், அதாவது கணக்குக் காட்டுதல், இழப்பீடு, தகராறு தீர்வு, தொடர்ந்து செல்லும். இதற்கு முன் நான் ஏதாவது ஒன்றைப் பொறுத்துப் போயிருந்தால் அதை அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவையெல்லாம் நிறைவேறின என்று உங்கள் கையெழுத்துடன் ஓர் உறுதிக் கடிதம் மே 19-க்குள் வரவேண்டும். வராவிட்டால் மறுபடி எழுத மாட்டேன். பிரிவு 15-இன்படி நடுவர் விசாரணைக்கு அனுப்புவேன், தேவையானால் நீதிமன்றத்தில் தடை கோருவேன். இனிமேல் இது குறித்து எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்திலிருந்து கடந்த வாரம் போனில் பேசியவர் மரியாதையாகவே பேசினார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் சொன்னது எதுவும் எந்தத் தாளிலும் இல்லை.

அப்புறம், ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு வேண்டுகோள். அந்த அம்மாவுக்கு நீங்கள் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது, பேரன் படித்துக் காட்டுவார். ஆகவே எளிமையாக எழுதுங்கள், ‘சிறு கவனக்குறைவு’ என்ற சொல் அதில் வேண்டாம். என்னிடம் அனுப்பினால் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உரிமம் வழங்குபவர், புகைப்படக் கலைஞர்

இணைப்பு 1: ஏப்ரல் 9, 22 தேதிகளில் எடுத்த பெட்டி, சுவரொட்டிப் படங்கள்
இணைப்பு 2: சம்மதப் படிவத்தின் நகல்
இணைப்பு 3: மார்ச் 3 கடிதமும் அதன் ஒப்புகையும், உங்கள் மார்ச் 17 பதிலும்

நகல்: நூலாசிரியருக்கு, இரண்டாம் அச்சு பற்றிய பகுதி மட்டும்