மதிப்பீட்டாளர்களுக்கான பதில்: சுருக்கிய வடிவம்

தம்பி,

நீ அனுப்பிய நாலு பக்கத்தையும் நேற்று ராத்திரி படித்தேன். ஒவ்வொரு பதிலிலும் பாதி நன்றியிலேயே போய்விடுகிறது. கேட்டது, செய்தது, பக்கம் என்று மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிட்டேன். "வயலில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்" என்ற வரியையும் எடுத்துவிட்டேன். கோபம் எனக்கும் வந்தது, ஆனால் மதிப்பீட்டாளர் கேட்டது நியாயமான கேள்வி. கீழே உள்ளதை அனுப்பு.

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

"மேட்டூர் திறப்பும் பருவத் தேர்வும்" கட்டுரையைத் திருத்தி இணைத்துள்ளோம். மதிப்பீட்டாளர்களுக்கு நன்றி.

மதிப்பீட்டாளர் 1

1. ஜூன் 12 வழக்கமான நாள் என்றால், ஆய்வு ஆண்டுகளில் அணை எப்போது திறந்தது?

தேதிகளைத் தராதது எங்கள் குறை. அட்டவணை 1-இல் சேர்த்துள்ளோம்: 2016 செப்டம்பர் 20, 2017 அக்டோபர் 2, 2018 ஜூலை 19, 2019 ஆகஸ்ட் 13, 2020 ஜூன் 12. ஐந்தில் ஓராண்டுதான் வழக்கமான நாளில் திறந்தது என்பதைப் பக்கம் 4-இல் எழுதியுள்ளோம்.

2. பம்புசெட் வயல்களைப் பிரித்துக் காட்டவில்லை.

பிரித்துள்ளோம். போர் உள்ளவர்கள் அணை திறக்கும் முன்பே குறுவைக்கு நாற்று விட்டுவிடுகிறார்கள். எனவே ஒப்பீட்டில் இப்போது ஆற்றுநீரை மட்டும் நம்பும் வயல்களே உள்ளன (பக்கம் 6).

மதிப்பீட்டாளர் 2

1. கடைமடைக்குத் தண்ணீர் தாமதமாக வருகிறது என்பதற்கு அளவீடு உண்டா?

இல்லை. கல்லணையில் திறந்த நாளுக்கும் வெண்ணாற்றுக் கடைமடை வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளுக்கும் உள்ள இடைவெளியை நாங்கள் அளக்கவில்லை. "தாமதமாகிறது" என்பதை "தாமதமாவதாக விவசாயிகள் கூறினர்" என்று மாற்றியுள்ளோம் (பக்கம் 8). இதை முடிவுரையிலிருந்தும் நீக்கிவிட்டோம்.

2. தாளடிக்குத் தனிப் பிரிவு தேவை.

நல்ல யோசனை, ஆனால் இந்தக் கட்டுரையில் சேர்க்கவில்லை. தாளடி, குறுவை அறுத்த வயலில் இடும் பயிர். குறுவை இல்லாத ஆண்டில் அந்த வயலில் சம்பா மட்டுமே. இதைப் பக்கம் 9-இல் இரண்டு வரியில் விளக்கியுள்ளோம்.

3. எழுத்துப்பிழைகள். திருத்திவிட்டோம்.

இப்படிக்கு,
கட்டுரையாசிரியர்கள்

அளவீடு கேட்ட கேள்விக்கு நீ ஒரு பக்கம் சுற்றி எழுதியிருந்தாய். "இல்லை" என்று எழுதக் கை கூசத்தான் செய்யும், ஆனால் அவர் அந்தச் சொல்லைத்தான் தேடுவார். அப்புறம், அட்டவணை சேர்த்ததில் பக்கங்கள் நகர்ந்திருக்கும். எண்களை ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்பு.