வாடகை ரசீதும் முன்பணத்திற்கான ஒப்புகைச் சீட்டும் கோரி

மதுரை,
3.1.2026

அனுப்புநர்:
கு. செந்தில்வேலன்,
மாடி வீடு, எஸ்.எஸ். காலனி, மதுரை.

பெறுநர்:
வீட்டு உரிமையாளர் அவர்கள்,
கீழ்வீடு, எஸ்.எஸ். காலனி, மதுரை.

பொருள்: வாடகை ரசீதும், முன்பணம் பெற்றதற்கான எழுத்துவழி ஒப்புகையும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1.6.2025 முதல் தங்கள் மாடி வீட்டில் மாதம் ரூ.12,000 வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் வாடகையை ரொக்கமாகத் தங்களிடமே கொடுத்தேன். செப்டம்பர் முதல் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்துகிறேன். ரொக்கம் கொடுத்தபோதெல்லாம் தாங்கள் தங்கள் டைரியில் தொகையைக் குறித்துக்கொண்டீர்கள். என் கைக்குச் சீட்டு எதுவும் வரவில்லை. இதுகுறித்து இரண்டொரு முறை நேரில் கேட்டபோது, "நமக்குள் எதற்குத் தம்பி ரசீது?" என்றீர்கள். தங்கள் மீது எனக்குள்ள மரியாதையிலும் நம்பிக்கையிலும் எந்தக் குறையும் இல்லை. ஆயினும் இப்போது இவை எழுத்தில் இருந்தே ஆக வேண்டியுள்ளதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வருமான வரியில் வீட்டு வாடகைப் படிக்கான கழிவு பெற, என் அலுவலகத்தில் இம்மாத இறுதிக்குள் வாடகை ரசீதுகளைத் தர வேண்டும். இந்த நிதியாண்டில் நான் செலுத்தும் வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுவதால் தங்கள் பான் எண்ணையும் கேட்கிறார்கள். மாதந்தோறும் தண்ணீருக்கும் பராமரிப்புக்குமாக நான் தரும் ரூ.800 இதில் சேராது என்பதால், ரசீதில் வாடகையை மட்டும் தனியாகக் குறிப்பிட வேண்டுகிறேன். ரொக்கமாகக் கொடுத்த மூன்று மாதங்களுக்கான ரசீதுகளில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் தங்கள் கையொப்பம் வேண்டும். தங்களுக்குச் சிரமம் இருக்கக்கூடாது என்பதற்காக, ஜூன் முதல் டிசம்பர் வரையிலான ஏழு ரசீதுகளையும் எழுதி, ஸ்டாம்புகளுடன் இத்துடன் இணைத்துள்ளேன்.

ரசீதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது முன்பணம். வீடு பேசி முடித்த அன்று ரூ.10,000, குடிவந்த அன்று ரூ.26,000 என மொத்தம் ரூ.36,000 ரொக்கமாகக் கொடுத்தேன். வீட்டைத் தங்கள் மகன் பெயருக்கு எழுதிவைக்கப்போவதாகச் சென்ற மாதம் சொன்னீர்கள். பத்திரம் கைமாறிய பிறகு நான் காலி செய்ய நேர்ந்தால், அத்தொகையை யார் வாங்கினார்கள், யார் திருப்பித் தர வேண்டும் என்பதைக் காட்ட என்னிடம் துண்டுச் சீட்டுகூட இல்லை. என் சேமிப்பில் பெரும்பகுதி அந்தப் பணம்தான். ஆகவே, தொகை, பெற்ற நாட்கள், அது காலி செய்யும்போது திருப்பித் தரத்தக்க முன்பணம் என்ற விவரம் ஆகியவற்றோடு தாங்கள் கையொப்பமிட்ட ஒப்புகைச் சீட்டு ஒன்றைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாடகைக்கும் முன்பணத்துக்கும் கையொப்பமிட்ட ரசீது பெறும் உரிமையை, தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் குறித்த 2017ஆம் ஆண்டுச் சட்டமும் தருகிறது. தாங்கள் அதைத் தாங்களாகவே செய்து தருவீர்கள் என்றே நம்புகிறேன்.

வரும் 15.1.2026க்குள் இவற்றை வழங்கி உதவுமாறு வேண்டுகிறேன். வேலை முடிந்து மாலை ஏழு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். தாங்கள் அழைத்தால் கீழே வந்து பெற்றுக்கொள்கிறேன். இக்கடிதத்தின் நகலில், பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்டுத் தரவும் வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கு. செந்தில்வேலன்

இணைப்பு: எழுதப்பட்ட வாடகை ரசீதுகள் – 7, ரெவின்யூ ஸ்டாம்புகள் – 3